உறக்க நிலையில் நிண்டெண்டோ ஸ்விட்ச்: இரவுப் பதிவிறக்கம் பாதியில் நிற்பது ஏன்?

கட்டபெட்டு வாசி | 4 நவம்பர் 2023, காலை 7:10

கோத்தகிரிக்கும் குன்னூருக்கும் நடுவில் இருக்கிறோம். வீட்டில் ஃபைபர் இணைப்பு உண்டு. வேகம் சுமார்தான், ஆனாலும் பகலில் எந்தக் குறையும் இல்லை. இரவு ஸ்விட்சில் ஒரு விளையாட்டை இறங்கச் சொல்லிவிட்டு, பவர் பொத்தானைத் தொட்டு உறக்க நிலைக்கு அனுப்பிவிட்டுப் படுத்தால், காலையில் அது முழுதாக இறங்கியிருப்பதில்லை. எழுப்பிய ஓரிரு நொடிகளில் வைஃபை குறி முழுதாக வந்துவிடுகிறது, பதிவிறக்கமும் விட்ட இடத்திலிருந்து தானாகவே தொடர்கிறது. திரையில் பிழைச் செய்தி எதுவும் இருப்பதில்லை. விழித்திருக்கும்போது இறங்குகிறது, உறங்கும்போது நின்றுவிடுகிறது என்றால், உறக்க நிலையில் வைஃபை துண்டிக்கப்படுகிறது என்றுதான் நினைக்கத் தோன்றுகிறது. எந்த அமைப்பைப் பார்க்க வேண்டும்?

கொடை மேகம் | 4 நவம்பர் 2023, காலை 8:02

அது அப்படித்தான் வேலை செய்யும், நண்பரே. System Settings-க்குள் Sleep Mode என்ற பகுதியைத் திறந்து பாருங்கள். அங்கே Maintain Internet Connection in Sleep Mode என்று ஒன்று இருக்கும். அதன் விளக்கத்தில் கம்பி இணைப்பைப் பற்றித்தான் சொல்லியிருக்கிறார்கள். ஆகவே டாக்கில் செருகி லேன் கம்பி போட்டால்தான் உறக்கத்தில் இறங்கும், வைஃபையில் இறங்காது. கொடைக்கானலில் என் வீட்டிலும் இதே நிலைதான். நான் விழித்திருந்து இறக்கிக்கொள்கிறேன்.

உதகை வலையமைப்பாளர் | 4 நவம்பர் 2023, பிற்பகல் 1:40

கொடை மேகம் சொன்னதில் பாதி சரி. அந்த அமைப்பு 2021 செப்டம்பரில் வந்த 13.0.0 பதிப்போடு சேர்க்கப்பட்டது. ஓஎல்இடி மாடலின் டாக்கில் லேன் துளை வந்த சமயம் அது. அந்த அமைப்பு இயங்கினால் கம்பி இணைப்பு உறக்கத்திலும் விடாமல் பிடித்துவைக்கப்படும். அணைத்துவைத்தால் கருவி அவ்வப்போது மட்டும் இணையத்தைத் தொட்டுப் பார்க்கும், மின்சாரம் மிச்சமாகும், அதற்கு ஈடாகப் பதிவிறக்கம் தொடங்கத் தாமதமாகலாம். இதை வைத்துக்கொண்டு வைஃபையில் உறக்கத்தில் எதுவும் இறங்காது என்று முடிவு கட்டக் கூடாது. வைஃபையிலும் இறங்கும். என் வாடிக்கையாளர்கள் சிலரின் விடுதிகளில் விருந்தினர் கொண்டுவரும் ஸ்விட்சுகள் இரவு முழுதும் தரவு இழுப்பதை ரவுட்டரில் பார்த்திருக்கிறேன்.

கட்டபெட்டு நண்பருக்கு: "வைஃபை துண்டிக்கப்படுகிறது" என்பதை இப்போதைக்கு ஓர் ஊகமாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். இரவில் பதிவிறக்கம் நிற்க மூன்று வெவ்வேறு இடங்கள் உண்டு. கருவி தானே நிறுத்தியிருக்கலாம்; கருவிக்கும் ரவுட்டருக்கும் நடுவே வைஃபை அறுந்திருக்கலாம்; அல்லது வைஃபை நன்றாக இருந்து, ரவுட்டருக்கு வெளியே இணையம் போயிருக்கலாம். காலையில் பார்க்கும்போது மூன்றும் ஒரே மாதிரிதான் தெரியும்.

முதலாவதை இன்றே விலக்கிவிடலாம். சார்ஜரில் செருகிவையுங்கள், மின்கலம் குறைவாக இருந்தால் உறக்கத்தில் பதிவிறக்கத்தை நம்ப முடியாது. எந்த விளையாட்டும் பாதியில் இடைநிறுத்தப்பட்டு நிற்காதபடி எல்லாவற்றையும் மூடிவிடுங்கள். திறந்திருக்கும் விளையாட்டுக்கான புதுப்பிப்பு அதை மூடாமல் பொருந்தாது, இணையவழி ஆட்டம் ஒன்று ஓடிக்கொண்டிருந்தால் மற்றப் பதிவிறக்கங்களும் காத்திருக்கும். மெமரி கார்டில் இடம் இருக்கிறதா என்று பாருங்கள். புதுப்பிப்புகள் தாமாக இறங்க வேண்டுமென்றால் System என்ற பகுதியில் Auto-Update Software இயங்க வேண்டும். ஆனால் நீங்களே தொடங்கிவைத்த பதிவிறக்கத்துக்கு அது தேவையில்லை.

கட்டபெட்டு வாசி | 4 நவம்பர் 2023, இரவு 9:25

சார்ஜர் செருகியே இருக்கிறது. எந்த விளையாட்டும் திறந்திருக்கவில்லை. கார்டில் இடம் தாராளமாக இருக்கிறது. எழுப்பியவுடன் விட்ட இடத்திலிருந்து தொடர்வதால் இடப் பற்றாக்குறையாக இருக்க வழியில்லை என்றும் தோன்றுகிறது.

மின்வெட்டா என்றும் யோசித்தேன். மழை நாட்களில் இரவில் மின்சாரம் போவது எங்களுக்குப் பழக்கம்தான். ஆனால் மின்சாரம் போகாத இரவுகளிலும் இதே கதைதான்.

கூடலூர் மஞ்சு | 5 நவம்பர் 2023, காலை 10:15

எங்கள் வீட்டிலும் இதே தொல்லை, ஆனால் எங்களிடம் ஃபைபர் இல்லை. என் போனின் ஹாட்ஸ்பாட்டில்தான் மகள் ஸ்விட்சை இணைக்கிறாள். இரவு இணைத்துவிட்டுப் படுத்தால் காலையில் ஹாட்ஸ்பாட்டே அணைந்திருக்கிறது. இதுவும் அந்த உறக்க நிலை அமைப்பால் வருவதுதானா?

உதகை வலையமைப்பாளர் | 5 நவம்பர் 2023, மாலை 6:30

மஞ்சு அக்கா, உங்களுடையது வேறு கதை, போனிலிருந்து வருவது. பெரும்பாலான ஆண்ட்ராய்டு போன்களில், யாரும் இணைந்திருக்கவில்லை என்றால் சில நிமிடங்களில் ஹாட்ஸ்பாட் தானாக அணைந்துவிடும்படி ஓர் அமைப்பு இருக்கும். ஸ்விட்ச் நொடிப்பொழுது இணைப்பை விட்டாலும் போன் அந்தக் கணக்கைத் தொடங்கிவிடும். ஸ்விட்ச் திரும்பி வந்து தேடும்போது அங்கே ஹாட்ஸ்பாட் இருக்காது. ஹாட்ஸ்பாட் அமைப்புகளுக்குள் போய்த் தானாக அணைவதை நிறுத்திவிட்டு, போனையும் சார்ஜரில் போட்டுப் பாருங்கள்.

ஐபோனாக இருந்தால் வேறு விதம். யாரும் இணையாமல் திரை பூட்டப்பட்டால் ஹாட்ஸ்பாட்டின் பெயரே மற்றக் கருவிகளுக்குத் தெரியாமல் போகும். அதில் இரவுப் பதிவிறக்கத்தை நம்ப வேண்டாம். மேலும் ஒரு பெரிய விளையாட்டு உங்கள் அன்றாட டேட்டா அளவை ஒரே இரவில் தீர்த்துவிடும் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

குன்னூர் தேயிலை | 5 நவம்பர் 2023, இரவு 8:05

இதற்கு இவ்வளவு ஆராய்ச்சி தேவையா? டிஎன்எஸ்ஸை 8.8.8.8 என்றும், எம்டியூவை 1500 என்றும் மாற்றுங்கள். எல்லாக் காணொளியிலும் அதைத்தான் சொல்கிறார்கள். எனக்கு அப்படி மாற்றியதும் வேகம் கூடியது.

உதகை வலையமைப்பாளர் | 5 நவம்பர் 2023, இரவு 10:12

தம்பி, உங்களுக்கு வேகம் கூடியிருக்கலாம், அதை மறுக்கவில்லை. ஆனால் டிஎன்எஸ் என்பது பெயரைக் கொடுத்து முகவரி கேட்கும் வேலை. பகலில் அதே டிஎன்எஸ்ஸில் ஒழுங்காக இறங்குவது இரவு உறக்கத்தில் மட்டும் நிற்பதற்கு அது காரணமாக இருப்பது அரிது.

எம்டியூ என்பது ஒரு தரவுப் பொதி எவ்வளவு பெரிதாக இருக்கலாம் என்ற அளவு. அந்த விஷயத்தில் கொஞ்சம் எச்சரிக்கை வேண்டும். ஸ்விட்சில் ஏற்கெனவே இருக்கும் எண் 1400. இங்கே மலையில் பல ஃபைபர் இணைப்புகள் பயனர் பெயர், கடவுச்சொல் கொடுத்து ரவுட்டர் உள்நுழையும் பிபிபிஓஇ முறையில் இயங்குகின்றன. அந்த முறையே ஒவ்வொரு பொதியிலும் 8 பைட்டை எடுத்துக்கொள்வதால் 1492-க்கு மேல் போக முடியாது. அங்கே 1500 என்று வைப்பதில் பயனில்லை. சில இணைப்புகளில் அதுவே புதிய தொல்லையைக் கொண்டுவரும். கட்டபெட்டு நண்பர் 1400-ஐ அப்படியே விட்டுவிடட்டும்.

கட்டபெட்டு வாசி | 6 நவம்பர் 2023, காலை 6:50

ஒன்றும் மாற்றாமல் நேற்றிரவு அளவெடுத்தேன். Internet பகுதியில் Test Connection கொடுத்தபோது இறங்கும் வேகம் ஏறக்குறைய 16 எம்பிபிஎஸ் என்று காட்டியது. அப்படியானால் நொடிக்கு 2 எம்பி, மணிக்கு 7.2 ஜிபி. இறக்க வேண்டிய விளையாட்டு 13 ஜிபி. தடையில்லாமல் இறங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்திருக்க வேண்டும்.

இரவு 11 மணிக்குத் தொடங்கி உடனே உறக்கத்துக்கு அனுப்பினேன். காலை எழுப்பியபோது பட்டை பாதியைக் கொஞ்சம் தாண்டி நின்றது, ஏறக்குறைய 7 ஜிபி. அதாவது ஒரு மணி நேரம் ஒழுங்காக இறங்கிவிட்டு நின்றிருக்கிறது. எழுப்பியவுடன் மீண்டும் தொடங்கியதை நிறுத்திவைத்திருக்கிறேன்.

இதிலிருந்து ஒன்று உறுதியாகிறது. உறக்கத்துக்குப் போனவுடன் வைஃபை அறுபடவில்லை. உறக்கத்திலேயே 7 ஜிபி இறங்கியிருக்கிறது. ஆகவே கொடை மேகம் நண்பர் சொன்ன காரணம் எங்கள் வீட்டுக்குப் பொருந்தாது.

கொடை மேகம் | 6 நவம்பர் 2023, காலை 9:30

அந்த 7 ஜிபி உறக்கத்துக்கு முன்பே இறங்கியிருக்கலாம் அல்லவா?

கட்டபெட்டு வாசி | 6 நவம்பர் 2023, காலை 9:48

இல்லை. தொடங்கியவுடனேயே பொத்தானைத் தொட்டுவிட்டேன். இந்த வேகத்தில் அந்த இடைவெளியில் நூறு எம்பி இறங்கியிருந்தாலே அதிகம்.

உதகை வலையமைப்பாளர் | 6 நவம்பர் 2023, பிற்பகல் 2:20

மிக நல்ல அளவு. இறங்கிய அளவை வேகத்தால் வகுத்தால் நின்ற நேரம் கிடைத்துவிடுகிறது. இனி ஒரே ஒரு கேள்விதான் பாக்கி. "தொடங்கி ஒரு மணி நேரம் கழித்து" நின்றதா, "நள்ளிரவு 12 மணிக்கு" நின்றதா? 11 மணிக்குத் தொடங்கியதால் இரண்டும் ஒன்றாகவே தெரிகின்றன. இன்று மீதியை 11:30-க்குத் தொடங்குங்கள். மறுபடி ஒரு மணி நேரம் ஓடுமானால் விஷயம் ஏதோ ஒரு காலக்கெடுவில் இருக்கிறது. அரை மணியில் நின்றால் கடிகாரம் பார்த்து யாரோ எதையோ செய்கிறார்கள்.

கூடலூர் மஞ்சு | 6 நவம்பர் 2023, இரவு 7:45

ஹாட்ஸ்பாட் தானாக அணைவதை நிறுத்தியாயிற்று. காலையில் ஹாட்ஸ்பாட் உயிரோடுதான் இருந்தது, ஆனால் ஸ்விட்சில் எதுவுமே இறங்கவில்லை, தொடங்கிய இடத்திலேயே நிற்கிறது. ஒன்றைச் சொல்ல மறந்தேன், இது முக்கியமா என்று தெரியவில்லை: இந்த மழைக்கு எல்லாவற்றிலும் பூஞ்சை பிடிப்பதால், இரவில் ஸ்விட்சைப் பீரோவுக்குள் வைத்துவிடுகிறோம். ஈரம் உறிஞ்சும் சிறு பைகள் போட்டு, கேமராவையும் அதிலேயே வைக்கிறோம்.

உதகை வலையமைப்பாளர் | 6 நவம்பர் 2023, இரவு 8:01

இரும்புப் பீரோவா?

கூடலூர் மஞ்சு | 6 நவம்பர் 2023, இரவு 8:06

ஆமாம், இரும்புதான். கதவைச் சாத்திப் பூட்டியும் விடுவோம்.

உதகை வலையமைப்பாளர் | 6 நவம்பர் 2023, இரவு 8:20

அக்கா, அதுதான் காரணம். நாலு பக்கமும் இரும்புத் தகடு, கதவும் இரும்பு. வைஃபை அலை அதற்குள் போய் வருவது மிகக் கடினம். அதுமட்டுமல்ல, பூட்டிய பீரோவுக்குள் சார்ஜரும் இருக்காது. பதிவிறக்கம் இருக்கும் இரவில் மட்டும் வெளியே மேசைமேல் சார்ஜரோடு வையுங்கள். ஓர் இரவு வெளியே இருந்தால் பூஞ்சை பிடித்துவிடாது. முடிந்ததும் மறுபடி உள்ளே வைத்துவிடலாம்.

கட்டபெட்டு வாசி | 7 நவம்பர் 2023, காலை 6:40

அரை மணிதான் ஓடியிருக்கிறது. 11:30-க்குத் தொடங்கினேன். காலையில் பட்டை ஆறில் ஐந்து பங்கில் நின்றது. 13 ஜிபியில் அது ஏறக்குறைய 10.8 ஜிபி. முன்பு இறங்கியிருந்த 7.2-ஐக் கழித்தால் நேற்று இறங்கியது 3.6 ஜிபி, அதாவது துல்லியமாக அரை மணி நேரத்துக்கான அளவு. நள்ளிரவு 12 மணி என்பதில் இனிச் சந்தேகமில்லை.

12 மணிக்கு வீட்டில் எல்லாரும் உறங்கிவிடுவோம். அதனால்தான் போனிலோ கணினியிலோ யாரும் இதைக் கவனித்ததில்லை. ஸ்விட்ச் ஒன்றுதான் அந்த நேரத்தில் விழித்து வேலை செய்துகொண்டிருந்திருக்கிறது.

குன்னூர் தேயிலை | 7 நவம்பர் 2023, காலை 8:15

நள்ளிரவு என்றால் இணைய நிறுவனம் டேட்டா கணக்கைப் புதுப்பிக்கும் நேரமாக இருக்கும். அப்போது இணைப்பை ஒருமுறை அறுத்து விடுவார்கள். எங்கள் பக்கம் அப்படித்தான் நடக்கும்.

உதகை வலையமைப்பாளர் | 7 நவம்பர் 2023, காலை 11:05

நடக்கக்கூடியதுதான். அதை வேறுபடுத்திப் பார்க்க எளிய வழி உண்டு. இன்று 12 மணிக்கு விழித்திருந்து, போனின் வைஃபை பட்டியலைத் திறந்துவைத்துப் பாருங்கள். இணைய நிறுவனம் அறுத்தால் வைஃபை பெயர் பட்டியலில் இருந்தபடியே இருக்கும், இணையம் மட்டும் போகும். வைஃபை பெயரே மறைந்தால் அது உங்கள் ரவுட்டரின் வேலை. எந்தப் பெயர் முதலில் திரும்புகிறது என்றும் பாருங்கள்.

இன்னொன்று. ஸ்விட்சில் Internet பகுதியில் Connection Status-ஐத் திறந்தால், 2.4 கிகாஹெர்ட்ஸா 5 கிகாஹெர்ட்ஸா எதில் இணைந்திருக்கிறது என்று காட்டும். அதையும் குறித்துவையுங்கள்.

கட்டபெட்டு வாசி | 8 நவம்பர் 2023, நள்ளிரவு 12:25

இப்போதுதான் பார்த்து முடித்தேன், மறப்பதற்குள் எழுதிவிடுகிறேன்.

ஸ்விட்ச் 5 கிகாஹெர்ட்ஸில் இணைந்திருக்கிறது. எங்கள் ரவுட்டரில் இரண்டு அலைவரிசைக்கும் தனித்தனிப் பெயர்கள் உண்டு, ஸ்விட்சில் 5 கிகாஹெர்ட்ஸ் பெயரை மட்டும்தான் பதிந்திருக்கிறோம்.

12 மணி ஆனதும் ரவுட்டரில் எல்லா விளக்கும் ஒரே சமயத்தில் அணைந்தன. பிறகு முதல் விளக்கு மட்டும் எரிந்து, மற்றவை ஒவ்வொன்றாக வந்தன. போனின் பட்டியலில் இரண்டு பெயர்களும் மறைந்தன. 2.4 கிகாஹெர்ட்ஸ் பெயர் முதலில் திரும்பியது. அது வந்து ஒரு நிமிடத்துக்கும் மேலான பிறகுதான் 5 கிகாஹெர்ட்ஸ் பெயர் வந்தது. இதற்கிடையே மின்சாரம் போகவில்லை. அறை விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. அருகில் உறங்கிக்கொண்டிருந்த ஸ்விட்சை உடனே எழுப்பாமல் கால் மணி நேரம் காத்திருந்து, ரவுட்டரில் இணைந்திருக்கும் கருவிகளின் பட்டியலைப் பார்த்தேன். ஸ்விட்ச் அதில் இல்லை. எழுப்பினேன், நொடியில் வந்துவிட்டது.

உதகை வலையமைப்பாளர் | 8 நவம்பர் 2023, காலை 10:50

இரண்டு விஷயங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்திருக்கின்றன.

முதலாவது, உங்கள் ரவுட்டரில் தினமும் நள்ளிரவில் தானே அணைந்து எழும்படி யாரோ நேரம் குறித்துவைத்திருக்கிறார்கள். இணைப்புக் கொடுக்க வருபவர்கள் பலர் இதைச் செய்வதுண்டு. நாள்பட ஓடும் ரவுட்டர் தொங்கிப்போய் வாடிக்கையாளர் போன் செய்வதைத் தவிர்க்க அது எளிய வழி.

இரண்டாவது, 5 கிகாஹெர்ட்ஸ் பெயர் ஒரு நிமிடம் பின்தங்கி வந்தது தற்செயல் அல்ல. அந்த அலைவரிசையில் 52 முதல் 144 வரையான சேனல்கள் ரேடார்களும் பயன்படுத்துபவை. ரவுட்டர் அவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தால், அங்கே ரேடார் ஒலிக்கிறதா என்று குறைந்தது 60 நொடி கேட்டுப் பார்த்த பிறகே பெயரை வெளியிடும். நடுவில் ரேடார் போன்ற ஏதாவது அதன் காதில் விழுந்தால் உடனே அந்தச் சேனலை விட்டுவிட்டு, அரை மணி நேரம் அங்கே திரும்பாது. 36, 40, 44, 48 ஆகிய நான்கிலும் இந்தக் கட்டுப்பாடு இல்லை. உங்கள் ரவுட்டரின் சேனல் Auto-வில் இருந்து, அது ரேடார் சேனல் ஒன்றில் போய் உட்கார்ந்திருக்கும் என்று நினைக்கிறேன். ரவுட்டரின் பக்கத்தில் இப்போதைய சேனல் எண்ணைப் பாருங்கள்.

விழித்திருக்கும் கருவி பெயர் மறைந்தாலும் ஓயாமல் தேடிக்கொண்டிருக்கும். உறங்கும் கருவி மின்சாரத்தை மிச்சம் பிடிக்க வேண்டியிருப்பதால் அப்படித் தேடுவதில்லை. ஒருமுறை தேடி, பெயர் இல்லையென்றால் நீண்ட ஓய்வுக்குப் போய்விடும். உங்கள் வீட்டில் அது தேடும்போதெல்லாம் அதற்குத் தெரிந்த ஒரே பெயர் இன்னும் வந்திருக்கவில்லை.

கட்டபெட்டு வாசி | 8 நவம்பர் 2023, இரவு 9:15

உலாவியில் 192.168.1.1 என்று கொடுத்து ரவுட்டருக்குள் போனேன். 5 கிகாஹெர்ட்ஸ் சேனல் Auto என்று இருந்தது. இப்போது ஓடுவது 100. மறுதொடக்க அட்டவணை வேறொரு பக்கத்தில், தினமும் 00:00 என்று இருந்தது. யார் வைத்தார்கள் என்று இனி விசாரித்துப் பயனில்லை.

எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றிவிட்டால் எது காரணம் என்று கடைசிவரை தெரியாது. அதனால் இன்று மறுதொடக்கத்தை மட்டும் பிற்பகல் 2 மணிக்கு மாற்றியிருக்கிறேன். சேனலைத் தொடவில்லை.

நாடோடி மாணவன் | 8 நவம்பர் 2023, இரவு 11:32

நான் கோவையில் படிக்கிறேன், ஊர் மஞ்சூர். என்னிடம் இருப்பது ஸ்டீம் டெக். அதிலும் உறக்கத்தில் பதிவிறக்கம் நின்றுவிடுகிறது. இதே சேனல் மாற்றம் அதற்கும் உதவுமா?

உதகை வலையமைப்பாளர் | 9 நவம்பர் 2023, காலை 8:40

உதவாது. ஸ்டீம் டெக்கில் உறக்கம் என்றால் எல்லாமே அப்படியே உறைந்து நிற்கும், வைஃபையும் அணைந்துவிடும். உறக்கத்தில் அது எதையும் இறக்குவதில்லை. உங்கள் கருவியில் பழுது ஒன்றும் இல்லை. சார்ஜரில் போட்டு, தானாக உறங்கும் நேரத்தை நீட்டிவைத்து, திரை வெளிச்சத்தைக் குறைத்து, விழித்திருக்கவே விட்டு இறக்குங்கள். விழித்திருக்கும்போதே வைஃபை அறுபடுகிறது என்றால் மட்டும், டெவலப்பர் பகுதியில் வைஃபையின் மின்சேமிப்பை அணைத்துப் பார்க்கலாம்.

கட்டபெட்டு வாசி | 9 நவம்பர் 2023, காலை 9:20

நேற்றிரவு முழுதாக இறங்கிவிட்டது. இந்தச் சோதனைக்கென்றே இன்னொரு பெரிய விளையாட்டை 11 மணிக்குத் தொடங்கியிருந்தேன். காலையில் பட்டையே இல்லை, விளையாட்டு திறக்கத் தயாராக இருந்தது.

கொடை மேகம் | 9 நவம்பர் 2023, பிற்பகல் 12:10

வாழ்த்துகள். இந்த முறையை நானும் என் வீட்டில் செய்து பார்க்கிறேன். எங்களுடையது இரண்டு தளக் கல்வீடு, மேலே ஒரு ரவுட்டர், கீழே ஒன்று, இரண்டுக்கும் ஒரே பெயர்.

கட்டபெட்டு வாசி | 11 நவம்பர் 2023, காலை 7:30

சேனலின் பங்கு எவ்வளவு என்று அறிய விரும்பியதால், மறுதொடக்கத்தை வேண்டுமென்றே நள்ளிரவுக்கே திருப்பிவிட்டு, 5 கிகாஹெர்ட்ஸ் சேனலை 40 என்று நிலைநிறுத்தினேன். இப்போது இரண்டு பெயர்களும் ஏறக்குறைய ஒன்றாகவே திரும்புகின்றன, அந்த ஒரு நிமிடத் தாமதம் போய்விட்டது. ஆனால் ஸ்விட்ச் ஓர் இரவு தானே திரும்ப இணைந்து பதிவிறக்கத்தை முடித்தது, அடுத்த இரவு முடிக்கவில்லை. ஆகவே சேனல் மாற்றம் வாய்ப்பைக் கூட்டுகிறதே தவிர உறுதி தரவில்லை. மறுதொடக்கம் எங்கள் வீட்டில் இனிப் பகலில்தான். சேனலும் 40-லேயே இருக்கும். 2.4 கிகாஹெர்ட்ஸ் பெயரையும் ஸ்விட்சில் பதிந்துவைத்துவிட்டேன்; ஒன்று இல்லாதபோது மற்றொன்றாவது கிடைக்கட்டும்.

உதகை வலையமைப்பாளர் | 11 நவம்பர் 2023, காலை 10:00

2.4 கிகாஹெர்ட்ஸிலும் சேனலை Auto-வில் விடாதீர்கள். 1, 6, 11 இவற்றில் அக்கம்பக்கத்தார் குறைவாகப் பயன்படுத்துவதை வையுங்கள். இந்தியாவில் ரவுட்டர்கள் 12, 13-க்கும் போகலாம். ஆனால் இங்கே இருக்கும் ஸ்விட்சுகள் பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து வந்தவை. 11-க்கு மேல் பார்க்காத கருவிக்கு, ரவுட்டர் இரவில் 13-க்குத் தாவினால் அந்தப் பெயர் இல்லாததுபோலவே தோன்றும். இதைக் கண்டுபிடிப்பது எளிது: போனில் அந்தப் பெயர் தெரியும், ஸ்விட்சின் பட்டியலில் தெரியாது, விழித்திருக்கும்போதும் தெரியாது.

கூடலூர் மஞ்சு | 12 நவம்பர் 2023, காலை 8:20

பீரோவுக்கு வெளியே வைத்ததும் இறங்கிவிட்டது. தீபாவளிக்கு மகள் ஆடிக்கொண்டிருக்கிறாள். அன்றைய டேட்டாவும் தீர்ந்தது, நீங்கள் சொன்னபடியே.

அரவங்காடு இன்வெர்ட்டர் | 14 நவம்பர் 2023, மாலை 5:45

மின்வெட்டு இருக்கும் வீடுகளுக்காக ஒன்றைச் சேர்க்கிறேன். ரவுட்டரை இன்வெர்ட்டரில் போட்டிருந்தாலும், மின்சாரம் போகும் நொடியில் அது அணைந்து எழுவதுண்டு. பல இன்வெர்ட்டர்களின் பின்பக்கம் UPS என்றும் Normal என்றும் ஒரு சிறு சுவிட்ச் இருக்கும். Normal-இல் மாறுவதற்கு எடுத்துக்கொள்ளும் நேரம் ரவுட்டருக்கு அதிகம். UPS பக்கம் தள்ளினால் அந்த இடைவெளி சுருங்கும். ஆனால் எங்கள் பக்கம்போல மின்னழுத்தம் அடிக்கடி இறங்கும் இடங்களில், UPS நிலையில் இன்வெர்ட்டர் மின்சாரம் இருக்கும்போதே மின்கலத்துக்குத் தாவிவிடும். மின்கலம் வீணாகத் தீரும். அப்படியானால் ரவுட்டருக்கென்றே 12 வோல்ட் சிறு யுபிஎஸ் வாங்கிப் போடுவது மேல்.

கொடை மேகம் | 19 நவம்பர் 2023, இரவு 9:50

எங்கள் வீட்டில் அளவெடுத்துப் பார்த்தேன். கடிகார நேரம் அல்ல. எப்போது தொடங்கினாலும் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் நிற்கிறது. மறுதொடக்க அட்டவணை இரண்டு ரவுட்டரிலும் இல்லை. சேனலும் 44.

உதகை வலையமைப்பாளர் | 20 நவம்பர் 2023, காலை 9:15

ஒரு மணி நேரம் என்றால் நான் முதலில் பார்ப்பது, ரவுட்டரின் வைஃபை பாதுகாப்புப் பக்கத்தில் இருக்கும் Group Key Update Interval. பல ரவுட்டர்களில் அது 3600 நொடி. அந்த இடைவெளியில் ரவுட்டர் எல்லாக் கருவிகளுக்கும் புதிய சாவி அனுப்பும். உறங்கும் கருவி நேரத்துக்குப் பதில் சொல்லாவிட்டால் அதை வெளியே தள்ளிவிடும். ஆனால் ஒரே பெயரில் இரண்டு ரவுட்டர் இருப்பதால், கருவியை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தள்ளும் வசதியும் சந்தேகத்துக்கு உரியது. முதலில் மேல்தள ரவுட்டரை ஓர் இரவு அணைத்துவிட்டுச் சோதியுங்கள். அப்படியும் ஒரு மணியில் நின்றால் அந்த 3600-ஐக் கூட்டிப் பாருங்கள்.

கொடை மேகம் | 26 நவம்பர் 2023, காலை 7:05

மேல்தள ரவுட்டரை அணைத்தும் நின்றது. 3600-ஐ 86400 ஆக்கிய பிறகு ஓர் இரவு முழுதாக இறங்கியது. மறு இரவு இரண்டரை மணி நேரத்தில் நின்றது. அந்த இரவு கடும் காற்று, மின்சாரமும் இரண்டு முறை போய் வந்தது. இதை எந்தக் கணக்கில் எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. காற்று ஓய்ந்த பிறகு மறுபடி அளவெடுக்கிறேன்.

கட்டபெட்டு வாசி | 2 டிசம்பர் 2023, இரவு 8:30

ஒரு சிறு குறிப்பு. நேற்று ரவுட்டர் தன் மென்பொருளைப் புதுப்பித்துக்கொண்டது. இன்று பார்த்தால் 5 கிகாஹெர்ட்ஸ் சேனல் மறுபடி Auto-வுக்குப் போயிருந்தது. மறுதொடக்க அட்டவணை மட்டும் பிற்பகல் 2 மணியிலேயே இருந்தது. சேனலை 40-க்கு மாற்றிவிட்டேன்.